880 லிட்டர் என்று போட்டிருக்கிறதே!

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைக்குள் நுழைந்து ஃபில்டர் கேட்டால், கடைக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை அடி தொட்டி சார்?" என்பதுதான். நம் ஊரில் மீன்தொட்டியை அடிக்கணக்கில்தான் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். ஆனால் அவர் எடுத்து நீட்டும் டப்பாவில் எல்லாமே லிட்டர்க் கணக்கு. தண்ணீருக்குள் மூழ்கவைக்கும் சாதாரண ஃபில்டர் ஒன்றின் டப்பாவை எடுத்துக்கொள்வோம். 80 முதல் 200 லிட்டர் வரையுள்ள தொட்டிக்கு, மணிக்கு 880 லிட்டர், 15 வாட், ஏற்றம் 1 மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். சத்தத்துக்கு மட்டும் பெரும்பாலும் எண் இருக்காது. 'மிக அமைதியானது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருக்கும்.

வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது தொட்டி அளவைத்தான். நம் தொட்டி அந்த வரம்புக்குள் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கடைசியாகப் பார்க்கவேண்டிய எண் அது. மற்ற எண்களை ஏதோ ஒரு வகையில் அளந்து போடுகிறார்கள். தொட்டி அளவு அப்படி அளந்து வருவதில்லை, தயாரிப்பாளர் தாமாக எடுக்கும் முடிவு அது.

கடைக்குக் கிளம்புமுன் நம் தொட்டியில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட வேண்டும். வீடுகளில் அதிகம் இருப்பது இரண்டடி தொட்டி. 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம். மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 54 லிட்டர் வரும். ஆனால் கண்ணாடியின் தடிமன் 5 மில்லிமீட்டர், அது நாலு பக்கமும் இடத்தைத் தின்கிறது. விளிம்புவரை யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, மூன்று சென்டிமீட்டராவது விடுவோம். அடியில் நான்கு சென்டிமீட்டர் கூழாங்கல் போட்டால் அதுவும் நான்கு லிட்டருக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் போக மிஞ்சுவது 41 லிட்டர். 54 லிட்டர் தொட்டி என்று நினைத்து மருந்து ஊற்றுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு தேவைப்படும், அது வேறு கதை.

இனி நீரோட்டம். ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீரின் அளவைப்போல் நான்கு முதல் ஆறு மடங்கு ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டும் என்பது மீன் வளர்ப்பவர்கள் அனுபவத்தில் வைத்திருக்கும் கணக்கு. ஐந்து மடங்கு என்று வைத்துக்கொண்டால் நமக்கு வேண்டியது மணிக்கு 205 லிட்டர். இதற்குக் காரணம், தண்ணீர் கண்ணாடிபோல் தெரியவேண்டும் என்பது மட்டுமில்லை. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கிறது. ஸ்பாஞ்சில் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகக் கேடு செய்யாத நைட்ரேட்டாக மாற்றுகிறது. இவற்றுக்கு அம்மோனியாவும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். இரண்டையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஓடும் தண்ணீர்தான். மின்சாரம் போய் ஓட்டம் நின்றுவிட்டால், ஸ்பாஞ்சுக்குள் தங்கிய தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை இந்த பாக்டீரியாவே தீர்த்துவிட்டு, சில மணி நேரத்தில் சாகத் தொடங்கும்.

டப்பாவில் 880 இருக்கிறது, வேண்டியதோ 205. நான்கு மடங்குக்கும் மேல். அப்படியானால் தாராளமாகப் போதும் என்றுதானே தோன்றும்? அந்த 880 எப்படி அளக்கப்பட்டது என்று பார்த்தால் அவ்வளவு தாராளம் தெரியாது. ஸ்பாஞ்ச் போடாமல், குழாய் மாட்டாமல், தண்ணீரை மேலே ஏற்றும் வேலையும் கொடுக்காமல், வெறும் மோட்டார் தள்ளும் அளவு பெரும்பாலும் அது. ஸ்பாஞ்ச் போட்டவுடன் ஓட்டம் குறையும். இரண்டு வாரத்தில் அதில் அழுக்கு ஏறியதும் பாதிக்குப் பாதி குறைந்தாலும் ஆச்சரியமில்லை.

ஏற்றம் 1 மீட்டர் என்பதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு மீட்டர் உயரத்துக்கு இந்த மோட்டார் 880 லிட்டர் ஏற்றும் என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு சொட்டுகூட வராது என்று அர்த்தம். குழாயைத் தூக்கத் தூக்க ஓட்டம் குறைந்துகொண்டே வந்து, சரியாக அந்த உயரத்தில் நின்றுபோகும். இதிலும் உயரத்தை எங்கிருந்து அளப்பது என்று கவனிக்க வேண்டும். மோட்டார் தொட்டியின் அடியில் கிடப்பதால் அங்கிருந்து அளக்கக்கூடாது, தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். தண்ணீருக்குள்ளேயே எடுத்துத் தண்ணீருக்குள்ளேயே விடும் ஃபில்டருக்கு ஏற்றமே கிடையாது, எவ்வளவு ஆழத்தில் ஒட்டிவைத்தாலும் ஒன்றுதான். தொட்டியின் மூடிமேல் நீளமான பெட்டி வைத்துத் தண்ணீரை அதில் ஏற்றி வடியவிடும் டாப் ஃபில்டருக்குத்தான் இந்த எண் உண்மையிலேயே வேலை செய்கிறது. பெட்டி தண்ணீர் மட்டத்துக்கு மேல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், ஒரு மீட்டர் ஏற்ற மோட்டாரில் ஐந்தில் ஒரு பங்கு ஓட்டம் அங்கேயே போய்விடும். வெளியே கேபினட்டுக்குள் வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரில், ஒரு குழாயில் இறங்கும் தண்ணீரே மறு குழாயில் ஏறும் தண்ணீரைச் சமன்செய்துவிடுகிறது. அங்கே ஓட்டத்தைக் குறைப்பது குழாயின் நீளம், வளைவு, உள்ளே அடைத்திருக்கும் பொருள்கள், இவைதான்.

உண்மை ஓட்டத்தை வீட்டிலேயே அளந்துவிடலாம். கையை உள்ளே விடுவதற்குமுன் தொட்டியில் இருக்கும் எல்லா மின்கருவிகளையும் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். ஒரு பாலித்தீன் பையைக் காற்றில்லாமல் கசக்கி, தண்ணீருக்குள்ளேயே ஃபில்டரின் வாயில் ரப்பர் பேண்டால் மாட்டுங்கள். கையை வெளியே எடுத்துவிட்டு, ஸ்விட்சை சரியாக 10 வினாடி போட்டு நிறுத்துங்கள். பையில் சேர்ந்த தண்ணீரைச் சிந்தாமல் அளவுக் குவளையில் ஊற்றி, வந்த அளவை 360-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 1.1 லிட்டர் சேர்ந்தால் மணிக்கு 396. பையும் சற்றுத் தடுக்கும் என்பதால் இது ஒரு கைக்கணக்குதான், ஆனால் டப்பாவில் இருப்பதைவிட நம் தொட்டிக்கு நெருக்கமான கணக்கு. 880 போட்ட ஃபில்டர், ஸ்பாஞ்சோடு சில நாள் ஓடியபின் 400-க்குப் பக்கத்தில் இருந்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பாஞ்ச் கழுவிய அன்று ஒருமுறை அளந்து குறித்துவைத்துக்கொண்டால், அதில் பாதிக்கு இறங்கும்போது மறுபடி கழுவ வேண்டும் என்று தெரிந்துவிடும். கழுவுவது குழாய்த் தண்ணீரில் வேண்டாம், அதிலுள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து எடுத்தால் போதும்.

400 என்றாலும் நம் 41 லிட்டருக்கு அது பத்து மடங்கு. கோல்டு ஃபிஷ் தாக்குப்பிடிக்கும். நிறையத் தின்று நிறையக் கழிக்கும் அந்த மீனுக்கு இந்த ஓட்டம் நல்லதுகூட, இரண்டடி தொட்டி அதற்கு நெடுநாள் காணாது என்பது தனி விஷயம். நீளத் துடுப்போடு மெல்ல நீந்தும் ஃபைட்டருக்கு இது தண்டனை. ஃபைட்டர் எப்போதும் ஒரே மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தால், தீனி அதன் வாய்க்கு எட்டுமுன் அடித்துக்கொண்டு போனால், ஓட்டம் அதிகம் என்று அறியலாம். டப்பாவைத் திரும்பப் பாருங்கள், 80 முதல் 200 லிட்டர் என்றுதானே போட்டிருந்தது? 54-ஐக்கூட எட்டாத நம் தொட்டிக்கு இந்த ஃபில்டர் பொருந்தாது என்று அந்த எண்ணே சொல்லிவிட்டது. ஆனாலும் கடையில், "பெருசாவே போடுங்க சார், தண்ணி நல்லா சுத்தமாகும்" என்று இதைத்தான் கொடுப்பார்கள்.

அப்படியானால் தொட்டி அளவு நம்பக்கூடியதுதானே என்று கேட்கலாம். வரம்பின் கீழ்முனையை ஓரளவு நம்பலாம். மேல்முனைதான் ஏமாற்றும். நம் டப்பாவையே பாருங்கள். 200 லிட்டருக்கு 880 என்றால் நான்கு மடங்குக்குச் சற்று மேல், காகிதத்தில் கணக்கு சரியாக இருக்கிறது. ஓட்டம் 400-க்கு இறங்கியபின் அதே தொட்டிக்கு இரண்டு மடங்குதான் கிடைக்கும்.

இரண்டு மடங்கு போதாதா? இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜெர்மனியின் ஏஹைம் நிறுவனம் நெடுங்காலமாக விற்றுவரும் கேனிஸ்டர் 2213. 250 லிட்டர் வரையுள்ள தொட்டிக்கு என்று சொல்லும் அந்த ஃபில்டரின் மோட்டார், நிறுவனக் கணக்குப்படியே மணிக்கு 440 லிட்டர்தான் தள்ளும், 8 வாட். தொட்டி அளவைப்போல் இரண்டு மடங்குகூட இல்லை. ஐந்து மடங்கு கணக்கின்படி இது விற்கவே கூடாத பொருள். ஆனால் உலகம் முழுக்க மீன் வளர்ப்பவர்கள் அதை விரும்பி வாங்குகிறார்கள். காரணம், அதன் உருளைக்குள் 3 லிட்டர் அளவுக்கு ஸ்பாஞ்சும் பீங்கான் வளையங்களும் போடலாம். பாக்டீரியா தங்க அவ்வளவு இடம் இருக்கும்போது, தண்ணீர் மெதுவாகப் போனாலும் அம்மோனியா தீர்ந்துவிடுகிறது. நம் 880 லிட்டர் ஃபில்டரிலோ உள்ளங்கை அளவு ஸ்பாஞ்ச் ஒன்றுதான். தண்ணீர் வேகமாகப் போகிறது, தங்கி வேலை செய்ய இடமில்லை. அதனால் கடையில் டப்பாவைத் திறந்து ஸ்பாஞ்சின் அளவைப் பார்ப்பேன். டப்பாவில் இல்லாத எண் அது, ஆனால் தொட்டி அளவைத் தீர்மானிப்பதில் நீரோட்டத்துக்குச் சமமாக அதற்கும் பங்கிருக்கிறது.

மின்சாரத்துக்கு வருவோம். டப்பாவில் எளிதாகக் கணக்குப் போடக்கூடிய எண் வாட் தான், ஏனென்றால் ஃபில்டர் நாள் முழுக்க ஒரே மாதிரி ஓடுகிறது. 15 வாட் 24 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 360 வாட் மணி. தமிழ்நாட்டில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் 60 நாளைக்குப் பார்த்தால் 21.6 யூனிட். 5 வாட் ஃபில்டர் என்றால் 7.2 யூனிட். வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டுக்குள் அடங்கும் குடும்பத்துக்கு இது ஒரு பொருட்டில்லை. ஏ.சி. ஓடும் வீட்டில், கட்டணப் படியின் விளிம்பில் நிற்கும்போது இந்த 14 யூனிட் வித்தியாசம் அடுத்த படிக்குத் தள்ளிவிடக்கூடும்.

ஆனால் நம் ஊரில் வாட் எண்ணை மின்கட்டணத்துக்காக மட்டும் பார்த்தால் போதாது. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார் உறிஞ்சும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகித் தண்ணீரிலேயே சேர்கிறது. தண்ணீரைத் தள்ளும் வேலைகூட, அந்த ஓட்டம் உரசி அடங்கும்போது வெப்பமாகிவிடுகிறது. 41 லிட்டர் தண்ணீரிலிருந்து வெப்பம் வெளியேறாமல் இருந்தால், 15 வாட் அதை மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடியே ஒரு டிகிரி ஏற்றிவிடும். கண்ணாடி வழியாகவும் மேல்மட்டம் வழியாகவும் வெப்பம் வெளியேறுவதால் அது ஏறிக்கொண்டே போகாது. மூடி போட்ட இரண்டடி தொட்டியில், மோட்டார் இல்லாதபோது இருப்பதைவிடச் சுமார் இரண்டு டிகிரி மேலே போய் நிற்கும். 5 வாட் என்றால் முக்கால் டிகிரிகூட இருக்காது. மே மாதத்தில் அறைக்குள்ளேயே 33, 34 டிகிரி இருக்கும் வீட்டில் அந்த இரண்டு டிகிரி சும்மா விடாது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 32 டிகிரியில் 7.3 தான். சூடு ஏறும்போது மீனுக்கு ஆக்சிஜன் தேவையும் கூடுகிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் இதைச் சந்தேகிக்க வேண்டும். வெளியே வைக்கும் ஏர் பம்ப்போடு ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் தண்ணீரைச் சூடாக்குவதில்லை, காற்றுக் குமிழியால் மேல்மட்டத்தையும் கலக்கிவிடுகிறது. கப்பி, மோலி போன்ற சின்ன மீன்கள் மட்டும் உள்ள இரண்டடி தொட்டிக்கு, பார்க்க அழகில்லாவிட்டாலும், நான் அதைத்தான் சொல்வேன்.

ஹீட்டர் டப்பாவிலும் வாட் இருக்கும், ஆனால் அதை வேறு மாதிரி வாசிக்க வேண்டும். ஹீட்டருக்குள் தெர்மோஸ்டாட் இருப்பதால் 100 வாட் ஹீட்டர் எப்போதும் 100 வாட் எடுப்பதில்லை. லிட்டருக்கு ஒரு வாட் என்ற பழைய கணக்கு, அறையைவிடத் தண்ணீர் ஐந்தாறு டிகிரி சூடாக இருந்தால் போதும் என்ற இடத்துக்குப் பொருந்தும். சென்னையில் மார்கழி இரவுக்கு அது தாராளம், மற்ற மாதங்களில் ஹீட்டரே தேவையில்லை. உதகையில் அறை 12 டிகிரிக்கு இறங்கி, டெட்ராவுக்கு 24 வேண்டும் என்றால் வித்தியாசம் இரண்டு மடங்கு. 41 லிட்டருக்கு 80 வாட்டுக்கும் மேல் விடாமல் ஓட வேண்டும், 50 வாட் ஹீட்டர் இரவெல்லாம் எரிந்தும் எட்டாது. ஹீட்டரை ஃபில்டர் ஓட்டத்தின் பாதையில் வைக்கவேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. இல்லாவிட்டால் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீர் சூடானதும் அது அணைந்துவிடும், தொட்டியின் மறுகோடி குளிர்ந்தே கிடக்கும்.

கடைசியாகச் சத்தம். சில டப்பாக்களில் 40 டெசிபலுக்குக் கீழ் என்று போட்டிருப்பார்கள். எவ்வளவு தூரத்திலிருந்து அளந்தது என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. இரவில் அமைதியான படுக்கையறையே 30 டெசிபல் அளவில் இருக்கும். டெசிபல் 10 கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். ஒரு மீட்டர் தூரத்தில் 40 டெசிபல் என்பது கூடத்தில் யாருக்கும் கேட்காது, தலைமாட்டில் இருந்தால் தூங்கவிடாது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். இந்த மோட்டாருக்குள் இருப்பது ஒரு காந்த உருளை, அதன் முனையில் இலைகள். இம்பெல்லர் என்பார்கள். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி என்பதால் இரண்டு துருவக் காந்தம் நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றுகிறது, காந்த இழுப்பு வினாடிக்கு 100 முறை அதிர்கிறது. அந்த அதிர்வுதான் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம். மோட்டாருக்கு அருகில் இருப்பதைவிட அது மேசையிலும் கண்ணாடியிலும் ஏறும்போதுதான் பெரிதாகக் கேட்கும். ஃபில்டரைக் கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் உறிஞ்சிகள் ஓரிரு வருடத்தில் கெட்டியாகிவிடும், அப்போது அதிர்வு நேராகக் கண்ணாடிக்குப் போகும். பிளக்கைக் கழற்றி, ஃபில்டரைக் கண்ணாடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, மறுபடி போட்டுப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் மோட்டாரில் பழுதில்லை, உறிஞ்சியை மாற்றினால் போதும்.

கடகடவென்ற சத்தம் வேறு. மணல் துகள் புகுந்தாலோ, நடுவிலுள்ள மெல்லிய பீங்கான் தண்டு உடைந்தாலோ அப்படி வரும். ஸ்விட்ச் போட்டவுடன் ஒரு 'டக்' கேட்டால் பயப்பட வேண்டாம். இந்த வகை மோட்டார் எந்தப் பக்கம் சுற்றத் தொடங்கும் என்று சொல்ல முடியாது. எளிதாகக் கிளம்புவதற்காகவே இலைகளுக்கும் காந்தத்துக்கும் இடையே சற்று இடைவெளி வைத்திருப்பார்கள், அது மோதும் ஒலி அது. மின்வெட்டுக்குப்பின் விடாமல் சலசலத்தால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. நிறுத்தி, சாய்த்துக் குலுக்கிக் குமிழியை வெளியேற்றிவிட்டு மறுபடி போட்டால் அடங்கும். டாப் ஃபில்டரில் தண்ணீர் விழும் சத்தம் தொட்டியின் மட்டம் இறங்க இறங்கக் கூடும். கோடையில் வாரத்துக்கு இரண்டு குவளை தண்ணீர் ஊற்றினாலே அது குறைந்துவிடும்.

ஏர் பம்ப்தான் எல்லாவற்றிலும் சத்தக்காரன். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு அடித்துக்கொண்டே இருக்கிறது. அதை மர அலமாரியில் வைத்தால் அலமாரியே ஒலிபெருக்கி ஆகிவிடும். தடிமனான ஸ்பாஞ்ச் துண்டின்மேல் வைக்கலாம். எங்கே வைத்தாலும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் போனதும் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் பம்ப்புக்குள் இறங்கிவிடும்.

வாங்கும்போது கடையிலேயே ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் காட்டச் சொல்லலாம், தயங்க வேண்டாம். தெருச் சத்தத்தில் ரீங்காரம் கேட்காது, ஆனால் கடகடப்பு கேட்கும். அந்த ஃபில்டருக்கு இம்பெல்லர் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துச் சத்தம் போடத் தொடங்கும்போது, பெரும்பாலும் தேய்ந்திருப்பது அந்த ஒரு துண்டுதான்.